எனர்ஜி ஆடிட்டர் சான்றிதழ் வாங்கி ஒன்பது வருடம்: எது உதவியது, எது உதவவில்லை

நான் எலக்ட்ரிக்கல் படித்தவன். கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பராமரிப்புப் பிரிவில் நாலு வருடம் இருந்துவிட்டு, மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. நடத்தும் எனர்ஜி ஆடிட்டர் தேர்வை எழுதினேன். அப்புறம் பசுமைக் கட்டடங்களுக்கான லீட் கிரீன் அசோசியேட் சான்றிதழும் வாங்கினேன். இரண்டையும் வைத்து வேலை பார்த்த அனுபவத்தை எழுதச் சொல்லி ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இது.

முதலில் தேர்வு. மொத்தம் நாலு தாள். முதல் மூன்றில் தேறினால் எனர்ஜி மேனேஜர், நாலாவதையும் முடித்தால் எனர்ஜி ஆடிட்டர். முதல் மூன்று தாளும் தலா 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். நாலாவது 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் வேண்டும், தேறாத தாளை மட்டும் திரும்ப எழுதினால் போதும். எனக்கு முதல் தடவை இரண்டாம் தாள் போய்விட்டது. பாய்லர், நீராவி, ஃபர்னஸ் எல்லாம் அதில்தான் வரும், எலக்ட்ரிக்கல்காரர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டுவார்கள். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது மின்சாரப் பகுதிகள் வரும் மூன்றாம் தாளில் நடக்கும். கோச்சிங் தேவையா என்றால், பி.இ.இ.யே நாலு வழிகாட்டிப் புத்தகம் போட்டிருக்கிறது, அவற்றில் உள்ள கணக்குகளைக் கையால் போட்டுப் பார்த்தாலே போதும் என்பது என் கருத்து.

அந்தப் புத்தகக் கணக்கு களத்தில் எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதற்கு நான் பார்த்த ஒரு மில்லையே சொல்கிறேன். அங்கே 500 சி.எஃப்.எம். திறனுள்ள, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 14.2 கன மீட்டர் காற்று தரவேண்டிய ஒரு ஸ்க்ரூ கம்ப்ரசர். நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் முழுசாக ஓடும்போது பிரஷர் இறங்குகிறது, இன்னொரு கம்ப்ரசர் வாங்கலாமா என்று கேட்டார்கள். மில் மூன்று ஷிஃப்ட்டும் ஓடுவதால் கசிவைத் தனியாக அளக்க வழியே இல்லை, பொங்கல் விடுமுறை வரை காத்திருந்தோம்.

அன்று காலை முதலில் கம்ப்ரசர் உண்மையில் எவ்வளவு காற்று தருகிறது என்று பார்த்தோம். கம்ப்ரசர் தரும் காற்றைச் சேமிக்கும் தொட்டியான ரிசீவரின் வெளியேறும் வால்வை மூடிவிட்டு, பிரஷர் 0.5லிருந்து 7.0 கிலோ வரை ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் எடுப்பதுதான் சோதனை. கணக்கு இது:

```
Q = (P2 - P1)/P0 × V/T × (273 + t1)/(273 + t2)
```

ரிசீவரும் அதற்கு வரும் குழாயும் சேர்ந்து கொள்ளளவு 3.1 கன மீட்டர், வளிமண்டல அழுத்தம் 1.03 கிலோ, நேரம் 1.6 நிமிடம். இதிலிருந்து 12.2 வருகிறது. உள்ளே இழுக்கும் காற்று 33 டிகிரி, ரிசீவரில் இருப்பது 50 டிகிரி, அந்தத் திருத்தத்தையும் சேர்த்தால் 11.6. பெயர்ப்பலகையில் இருப்பதைவிட 18 சதவீதம் குறைவு.

இதில் பலரும் விடுகிற ஒன்று, சோதனைக்கு முன் ரிசீவரின் அடி டிரெய்னைத் திறந்து தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும். அன்று அங்கே கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் பழுப்புத் தண்ணீராக வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் உள்ளே கிடந்தால் காற்றுக்கான இடம் குறையும், பிரஷர் சீக்கிரம் ஏறும், தேய்ந்த கம்ப்ரசர்கூட நல்லது மாதிரிக் காட்டும்.

அடுத்து கசிவு. வால்வைத் திறந்து, எந்த மெஷினும் ஓடாத நிலையில் கம்ப்ரசர் எவ்வளவு நேரம் லோடில், அதாவது காற்று தந்துகொண்டு, எவ்வளவு நேரம் அன்லோடில், அதாவது காற்று தராமல் சும்மா ஓடிக்கொண்டு இருக்கிறது என்று பத்து சுற்றுக்கு எடுத்தோம். சராசரி 58 நொடி லோடு, 87 நொடி அன்லோடு. ஆக 40 சதவீதக் கசிவு. பெயர்ப்பலகை எண்ணால் பெருக்கினால் 5.7 கன மீட்டர், அளந்த எண்ணால் பெருக்கினால் 4.6. பல அறிக்கைகளில் முதல் எண்தான் இருக்கும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். பவர் அனலைசரில் லோடில் 82 கிலோவாட், அன்லோடில் 25. தேர்வில் எழுதுகிற மாதிரி ஒரு கன மீட்டருக்கு ஆகும் மின்சாரத்தைக் கசிவால் பெருக்கினால் சுமார் 33 கிலோவாட் மிச்சம், வருடம் 8,000 மணி நேரத்துக்கு 2.6 லட்சம் யூனிட். ஆனால் கசிவை அடைத்தால் கம்ப்ரசர் நிற்பதில்லை, அன்லோடுக்குத்தான் போகிறது, அங்கே 25 கிலோவாட் தின்றுகொண்டேதான் இருக்கும். அதனால் மிச்சம் 0.4 × (82 − 25), அதாவது 22.8 கிலோவாட், 1.8 லட்சம் யூனிட். எல்லாக் கசிவையும் யாராலும் அடைக்க முடியாது, பாதியை அடைத்தால் 91,000 யூனிட். யூனிட் ஏழரை ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 7 லட்சம். முதல் கணக்கை எழுதியிருந்தால் 19 லட்சத்துக்கு மேல் சொல்லியிருப்போம். அடுத்த வருட பில்லைப் பார்த்துவிட்டு அந்த மில் எங்களை உள்ளேயே விட்டிருக்காது.

புது கம்ப்ரசர் வாங்கவில்லை. ஏர் ஃபில்டர் மாற்றி, சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு ஆட்டோகோனர் வரிசையில் ஒவ்வொரு ஹோஸ் இணைப்பாகப் பார்த்துக் கசிவை அடைத்ததிலேயே பிரஷர் இறங்காமல் நின்றது.

சரி, இந்தச் சான்றிதழால் வேலை கிடைக்குமா? ஒரு வித்தியாசத்தை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தேர்வில் தேறினால் சான்றளிக்கப்பட்ட ஆடிட்டர், அவ்வளவுதான். சட்டப்படி கட்டாயமான ஆடிட்டை, உதாரணமாக வருடம் 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி செலவழிக்கும் டெக்ஸ்டைல் மில்லில் செய்ய வேண்டியதை, அங்கீகரிக்கப்பட்ட ஆடிட்டர்தான் செய்ய முடியும். அதற்குக் கள அனுபவம் காட்டித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நான் முதலில் சேர்ந்த கன்சல்டன்சியில் இதை யாரும் சொல்லவில்லை, இரண்டு வருடம் நான் எழுதிய அறிக்கைகளில் கையெழுத்து வேறொருவருடையது. மில்லிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு எனர்ஜி மேனேஜர் தகுதியே நல்ல பிடி, ஏனென்றால் அப்படிப்பட்ட பெரிய நுகர்வோர் ஒரு எனர்ஜி மேனேஜரை நியமித்தே ஆக வேண்டும்.

லீட் கிரீன் அசோசியேட் வேறு ரகம். 100 கேள்வி, இரண்டு மணி நேரம், 200க்கு 170 எடுத்தால் தேர்ச்சி. கணக்கு கிடையாது, மனப்பாடம்தான் அதிகம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 15 மணி நேரத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதை மறந்தால் போய்விடும். கட்டடத் துறையில் நேர்காணலுக்குக் கூப்பிட இது உதவும், இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலின் ஐ.ஜி.பி.சி. ஏ.பி. சான்றிதழும் அப்படித்தான். உள்ளே போனபின் வேலை பெரும்பாலும் ஆவணம் திரட்டுவது: பெயின்ட்டிலிருந்து ஆவியாகும் ரசாயனமான வி.ஓ.சி.யின் அளவு, குழாயின் நீரோட்டம், இடிபாடு எங்கே போனது என்ற ரசீது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை, யாராவது அதைப் பொறுப்பாகச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அங்கே கட்டடம் வரைபடத்தில் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதற்குத்தான் பெரும்பாலும் புள்ளி கிடைக்கிறது.

சென்னையில் கோல்டு ரேட்டிங் வாங்கிய ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு இரண்டு வருடம் கழித்து ஆடிட்டுக்குப் போனேன். ஏ.சி.க்குக் குளிர்ந்த நீரை அனுப்பும் சில்டு வாட்டர் பம்ப் மூன்றுக்கும் வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைக்கும் வி.எஃப்.டி. இருந்தது, மூன்றின் திரையிலும் 50.00 ஹெர்ட்ஸ், அதாவது முழு வேகம். பிரஷர் சென்சார் பழுதானதும் ஆபரேட்டர் மேனுவலில் போட்டிருக்கிறார், அப்புறம் யாரும் தொடவில்லை. சென்சாரை மாற்றி 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கியதும் ஒரு பம்ப் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியானது.

அதனால் என்னிடம் கேட்டால் எனர்ஜி ஆடிட்டரை முதலில் எழுதுங்கள், கிரீன் பில்டிங் சான்றிதழைக் கட்டடத் துறைக்குத்தான் போகிறோம் என்று உறுதியானபின் வாங்குங்கள். சிவில், ஆர்க்கிடெக்சர்காரர்களுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. பொறியியல் பட்டதாரிகள் ஆடிட்டர் தேர்வு எழுத மூன்று வருட அனுபவம் கேட்கிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் அதுவரை மில்லிலோ ஆலையிலோ கிளாம்ப் மீட்டரைக் கையில் பிடித்துப் பழகலாம்.