சூத்திரமா, பின்னமா? தொடர் சதவீதக் கணக்குக்கு எது கைகொடுக்கும்

மருதமுனைக் கடையொன்றில் கைத்தறிச் சாரத்துக்கு கொள்விலையில் 40% கூட்டி விலை குறிக்கிறார்கள். பிறகு 25% கழிவு கொடுக்கிறார்கள். இலாபமா, நட்டமா, எத்தனை சதவீதம்? போட்டிப் பரீட்சை நுண்ணறிவுத் தாளில் அடிக்கடி வரும் வகை இது. 40-இலிருந்து 25-ஐக் கழித்து 15 என்று போட்டால் பிழை. 25% கழிவு கொள்விலையில் அல்ல, ஏறிய விலையில் போகிறது.

இதற்கு இரண்டு குறுக்குவழிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லோரும் மனப்பாடம் செய்யும் சூத்திரம்: a + b + ab/100. a, b என்பவை அடுத்தடுத்து வரும் இரண்டு சதவீத மாற்றங்கள். கூடினால் சக, குறைந்தால் சய. 40 − 25 − 10 = 5% இலாபம். மற்றது பின்னப் பெருக்கல்: 40% கூடினால் 7/5, 25% குறைந்தால் 3/4. பெருக்க 21/20. இங்கும் 5% தான்.

இந்த அளவில் இரண்டும் சமம். 13% கூடி 7% குறைவது போன்ற முரட்டு எண் வந்தால் சூத்திரம்தான் சுகம்: 13 − 7 − 0.91 = 5.09%. ஆனால் இரண்டுமே குறைவு என்றால் கவனம். 20%, பிறகு 10% கழிவு என்றால் −20 − 10 + 2 = −28. இரண்டு சயம் பெருகினால் சக என்பதை மறந்து −32 எழுதுபவர்களுக்காக அந்த எண்ணும் விடைகளில் காத்திருக்கும்.

கேள்வி தலைகீழாக வந்தால் பின்னம்தான் முந்தும். 20% கழிவு கொடுத்தும் 12% இலாபம் வர எத்தனை சதவீதம் கூட்டிக் குறிக்க வேண்டும்? சூத்திரத்தில் x வைத்துச் சமன்பாடு தீர்க்க வேண்டும். பின்னத்தில் 112-ஐ 80-ஆல் வகுத்தால் 1.4, அதாவது 40%. முடிந்தது.

இரண்டுக்கும் பொதுவான பொறி ஒன்று உண்டு. கடைக்காரர் இரண்டு சாரங்களை ஒரே விலைக்கு விற்கிறார். ஒன்றில் 20% இலாபம், மற்றதில் 20% நட்டம். சூத்திரம் 4% நட்டம் என்கிறது, விடையும் அதுதான். அந்த நம்பிக்கையில் 25% இலாபம், 20% நட்டம் என்ற கேள்விக்கும் அதையே போட்டால் 25 − 20 − 5 = 0 என்று வரும். சரிபாருங்கள். விற்ற விலை தலா 1000 ரூபா என்றால் கொள்விலை 800, 1250, மொத்தம் 2050. கைக்கு வந்தது 2000. நட்டம் 50 ரூபா, ஏறத்தாழ 2.4%.

ஏன் இப்படி? சூத்திரமும் பின்னமும் ஒரே பொருளின் விலை அடுத்தடுத்து மாறுவதற்கு உரியவை. இங்கே இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றின் மேல் மற்றது ஏறவில்லை. 20% இலாபம், 20% நட்டம் என்ற கேள்வியில் விடை பொருந்தியது, இலாபமும் நட்டமும் ஒரே சதவீதமாக இருந்ததால் மட்டுமே. சதவீதங்கள் வேறுபட்டால் குறுக்குவழியை விட்டுவிட்டு விற்ற விலைக்கு வசதியான ஒரு எண்ணை எடுத்து, இரண்டு கொள்விலைகளையும் தனித்தனியே கண்டு கூட்டுங்கள். இரண்டின் கொள்விலையும் ஒன்று என்று கேள்வி சொன்னால் அதுவும் தேவையில்லை: 25-க்கும் −20-க்கும் சராசரி, 2.5% இலாபம்.