யுபிஐ பெண்டிங்கில் நிற்கும்போது இரண்டாவது முறை பணம் கொடுக்காதீர்கள்: என் 14,800 ரூபாய் மாட்டிக்கொண்டது இப்படித்தான்

மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்து ஒன்றில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் கடை. பெயர் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் பேட்டரி எடுத்தேன். பழையதைக் கழித்துக்கொண்டு 14,800 ரூபாய். மேசையில் ஒட்டியிருந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டேன். சக்கரம் சுற்றி, பெண்டிங் என்று நின்றுவிட்டது. வங்கியிலிருந்து 14,800 கழிந்த மெசேஜ் மட்டும் உடனே வந்தது.

கடைக்காரர் தன் போனைக் காட்டினார். “எனக்கு வரலைண்ணே. ஃபெயில் ஆனா உங்களுக்கே திரும்பிடும். இப்ப ரொக்கமா குடுங்க, ஒருவேளை எனக்கு வந்துட்டா அடுத்த நிமிஷம் திருப்பி அனுப்பிடுறேன். பதினஞ்சு வருஷமா இதே கடைதான், எங்க போயிடப் போறேன்?” அதற்குள் என் பழைய பேட்டரி அவர்கள் வண்டியில் ஏறிவிட்டது. வீட்டில் கரண்ட் இல்லை. ஏடிஎம்மில் எடுத்து இன்னொரு 14,800 கொடுத்தேன். பில்லில் ‘ரொக்கம்’ என்று எழுதித் தந்தார்.

ஞாயிறு காலை பார்த்தால் பெண்டிங் போய் சக்சஸ் என்று இருக்கிறது. போன் செய்தேன். “மெசேஜே வரலையேண்ணே, உங்க பேங்க்ல கேளுங்க.” திங்கட்கிழமை என் வங்கிக்குப் போனால், “அங்கே வரவாகிவிட்டது சார், நாங்கள் செய்ய ஒன்றுமில்லை” என்கிறார்கள். ஆப்பில் புகார் போட்டேன், அதற்கும் அதே பதில்தான். அதை அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டினால் கதை மாறுகிறது: “அது மச்சான் அக்கவுண்ட்டுண்ணே, அவன் ஊர்ல இல்ல.” ஸ்கேன் செய்தபோது திரையில் கடைப் பெயர் வராமல் ஓர் ஆளின் பெயர் வந்ததன் அர்த்தம் இதுதான். இப்போது போனே எடுப்பதில்லை.

பெண்டிங் என்றால் என்ன என்று வங்கியில் இருக்கும் நண்பர் ஒருவர் விளக்கினார். முதலில் நம் வங்கி பணத்தைக் கழிக்கிறது. அப்புறம் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, வாங்குபவரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. அந்த வங்கியின் சர்வர் உரிய நேரத்தில் பதில் சொல்லாவிட்டால், வரவு வைத்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் நம் வங்கியும் திருப்பித் தர முடியாது. பிறகு கணக்குகளை ஒப்பிடும்போது வாங்குபவரின் வங்கி ஒன்று வரவு வைக்கும், இல்லையென்றால் திருப்பி அனுப்பும். ஆக, பெண்டிங்குக்கு இரண்டு முடிவு உண்டு. கடைக்காரர் எனக்கு அழுத்திச் சொன்னது ஒன்றைத்தான்.

கெடுவும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பிய பணம் அங்கே வரவாகாவிட்டால், மறுநாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தி, கடைக்கு உறுதி வராத பணம் என்றால் 5 நாள். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நாம் கேட்காமலே தர வேண்டும். காலண்டர் நாள் கணக்கு என்பதால் ஞாயிறும் சேர்த்தி. என் பணம் வரவாகாமல் இருந்திருந்தால் ஞாயிறு இரவுக்குள் எனக்கே வந்திருக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் அங்கே வரவாகாத பணத்துக்குத்தான். எனக்கோ தாமதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வங்கியைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, தானாகத் திரும்புவதும் இல்லை, 100 ரூபாயும் இல்லை. ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போனாலும் அது வங்கியின் தவறை விசாரிக்குமே தவிர, கடைக்காரரின் பையிலிருக்கும் 14,800-ஐ எடுத்துத் தராது. இனி நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ‘ரொக்கம்’ என்று அவர் கையால் எழுதிய பில்லும் வங்கியின் பதிலும் என்னிடம் இருக்கின்றன.

அவசரமாகச் சில விஷயங்கள். பணம் கழிந்து பெண்டிங் என்று காட்டினால் பொருளைக் கடையிலேயே வைத்துவிட்டு மறுநாள் போங்கள். கட்டாயம் மறுபடி கொடுக்க வேண்டுமென்றால், அந்தப் பரிவர்த்தனைக்கான 12 இலக்க யுடிஆர் எண்ணைப் பில்லிலேயே எழுதி, ‘இது வந்தால் திருப்பித் தருகிறேன்’ என்று கையெழுத்து வாங்குங்கள். “மெசேஜ் வரலை” என்றால் ஏற்காதீர்கள், அந்த எண்ணை வைத்து ஸ்டேட்மெண்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். கெடு தாண்டியும் பணம் வராவிட்டால் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் போடுங்கள், வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் cms.rbi.org.in. கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடாதீர்கள். பணம் திரும்பி வர பின் நம்பர் போடத் தேவையே இல்லை, போடச் சொல்கிறவன் இருப்பதையும் எடுக்கப் பார்க்கிறான்.