மொட்டைமாடி இன்சுலேஷன்: "50 எம்.எம்." என்று மட்டும் எழுதிய கொட்டேஷனை நம்பாதீர்கள்

திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் போன டிசம்பரில் வெயில் சூடு கீழே இறங்காமல் தடுக்கும் எக்ஸ்.பி.எஸ். நுரை போர்டு போட்டு, மேலே கான்கிரீட் தளம் இழுத்தார்கள். ஏப்ரல் வந்ததும் மாடி அறையின் கூரை பழையபடியே கொதித்தது. தளத்தில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல். மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டிப் பார்த்தோம். போர்டு 25 எம்.எம்., தளம் 28 எம்.எம்.!

காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டியதும் அவர் தடுமாறவே இல்லை. "சார், கொட்டேஷன்ல என்ன எழுதியிருக்கு? 50 எம்.எம். இன்சுலேஷன் வித் ஸ்க்ரீட். போர்டு, மேல் தளம் ரெண்டும் சேர்த்து அம்பதுதான். மூணு எம்.எம். கூடவே போட்டிருக்கேன்" என்றார். பேசும்போது கொண்டுவந்து காட்டிய சாம்பிள் போர்டு 50 எம்.எம். கனம். அது இன்னும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், "அது குவாலிட்டி காட்டக் கொண்டு வந்தது" என்றார்.

இதே வரியை வைத்து இன்னும் பல வீடுகளில் வேலை நடக்கும் என்பதால், கணக்கை முழுதாக எழுதுகிறேன்.

முதலில் பரப்பளவு. அவர் பில் போட்டது 1200 சதுர அடிக்கு, அதாவது 30க்கு 40 என்ற வீட்டின் வெளி அளவுக்கு. போர்டு உட்காருவதோ கைப்பிடிச் சுவருக்கு உள்ளே. நாலரை அங்குலச் சுவரை நாலு பக்கமும் கழித்தால் உள்ளளவு 29 அடி 3 அங்குலத்துக்கு 39 அடி 3 அங்குலம், சுமார் 1148 சதுர அடி. படிக்கட்டு அறை 16க்கு 8, அதாவது 128. அதற்குள் யாரும் போர்டு போடவில்லை, அதன் கூரையிலும் போடவில்லை. மிச்சம் 1020. சதுர அடிக்கு 190 ரூபாய் என்று பேசியிருந்தோம். வெளி அளவைப் பிடித்ததிலேயே 34,200 ரூபாய் கூடிவிட்டது. இதை டேப் பிடித்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். கனத்தில்தான் பிடிவாதம்.

1020 சதுர அடி என்பது 94.8 சதுர மீட்டர். போர்டின் அளவு 1250க்கு 600 எம்.எம்., ஒன்றுக்கு முக்கால் சதுர மீட்டர். வகுத்தால் 127 போர்டு, வெட்டுச் சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் 133. இங்கேதான் ஏமாற்று ஒளிந்திருக்கிறது. 25 எம்.எம். போட்டாலும் 50 எம்.எம். போட்டாலும் எண்ணிக்கை அதே 133தான். லாரியில் வந்ததை என் மனைவி எண்ணி எழுதி வைத்திருந்தார், கணக்கு சரியாகவே இருந்தது. ஆகவே போர்டை எண்ணுவதோடு நிற்காமல் கன அளவையும் கேளுங்கள். 50 எம்.எம். என்றால் 133 போர்டு கிட்டத்தட்ட 5 கன மீட்டர், 25 எம்.எம். என்றால் அதில் பாதி. பில்லில் கன மீட்டரும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஆள் அங்கேயே பிடிபடுவார். அதுவும் வேண்டாம், பத்து போர்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அரை மீட்டர் உயரம் வர வேண்டும்.

கனம் சரியாக இருந்தாலும் சரக்கு வேறாக இருக்கலாம். எக்ஸ்.பி.எஸ். போர்டு ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி என்று சொன்னால், 50 எம்.எம். போர்டு ஒன்று 1.2 கிலோ இருக்க வேண்டும். சமையலறைத் தராசு போதும். சாதாரண தெர்மோகோல் இதில் பாதிக்கும் கீழே நிற்கும். ஓரத்தை உடைத்தாலும் தெரியும்: தெர்மோகோல் மணிமணியாக உதிரும், எக்ஸ்.பி.எஸ். உள்ளே மாவு போல ஒரே சீராக இருக்கும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், சாயம் எதற்கும் ஏறும்.

அடுத்து மேல் தளம். எங்களுக்கு ஆன பெரிய சேதம் இதில்தான். போர்டின்மேல் போடும் தளம் கீழே உள்ள கான்கிரீட்டோடு ஒட்டாது, சும்மா மிதந்து கிடக்கும். அடியில் இருப்பதோ காலை வைத்தால் லேசாக அமுங்கும் பொருள். போதாக்குறைக்கு, போர்டு வெப்பத்தைக் கீழே விடாததால் வெயிலில் தளமே கூடுதலாகச் சூடேறும். 39 அடி நீளத் தளம் 30 டிகிரி ஏறினால் மூன்றரை எம்.எம். அளவுக்கு நீளும். அதனால்தான் தளம் குறைந்தது 50 எம்.எம். கனம், நடுவில் கம்பி வலை, ஒன்றரை முதல் இரண்டு மீட்டருக்கு ஒரு இடைவெளி, கைப்பிடிச் சுவரை ஒட்டியும் ஒரு இடைவெளி என்று கேட்க வேண்டும். எங்கள் மாடியில் கோழிவலை போர்டின்மேலேயே படுத்துக் கிடந்தது. இடைவெளி ஒன்றுகூட இல்லை. விரிசல் வராமல் என்ன செய்யும்?

தளத்தின் கனத்தை மூட்டைக் கணக்கில் பிடிக்கலாம். 94.8 சதுர மீட்டருக்கு 50 எம்.எம். என்றால் 4.74 கன மீட்டர் கான்கிரீட். உலர்ந்த கலவையாக அதை 1.54 ஆல் பெருக்கினால் 7.3. ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு விகிதத்தில் ஏழில் ஒரு பங்கு சிமெண்ட், 1.04 கன மீட்டர். அது 30 மூட்டை. கூடவே எம்-சாண்ட் முக்கால் யூனிட், பேபி சிப்ஸ் எனும் பொடி ஜல்லி ஒன்றரை யூனிட். எங்கள் வீட்டில் இறங்கியது 17 மூட்டை. சின்ன மேஸ்திரியிடம் அப்போதே கேட்டேன், "ஓனர் சொன்னதுதாண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 17 மூட்டைக்கு 28 எம்.எம். என்பது அச்சாகப் பொருந்துகிறது.

50 எம்.எம். தளம் 94.8 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 11 டன் எடை. பழைய சுருக்கித் தளத்தைப் பெயர்க்காமல் அதன்மேலேயே போடச் சொன்னால், இன்ஜினியரிடம் கேட்காமல் தலையாட்ட வேண்டாம்.

கொட்டேஷனில் இப்படிப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: கைப்பிடிச் சுவருக்கு உட்பட்ட பரப்பு இவ்வளவு, எக்ஸ்.பி.எஸ். போர்டு 50 எம்.எம்., அடர்த்தி 32, தனி வரி, தனி ரேட். மேல் தளம் வாட்டம் தவிர்த்து மிகக் குறைந்த இடத்தில் 50 எம்.எம்., தனி வரி, தனி ரேட். போர்டு முழுதும் பரப்பியதும் நீங்கள் வந்து பார்த்த பிறகே கான்கிரீட் என்ற நிபந்தனையும் சேரட்டும். போர்டுக்கு அடியில் வாட்டர் ப்ரூஃபிங் செய்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தார்களா என்பதையும் அந்த நேரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே மூடிய பிறகு கசிந்தால், எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

எங்கள் விஷயம் இப்போது இந்த நிலையில் இருக்கிறது. பேசிய தொகையில் 40,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தேன், அதைத் தரப்போவதில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். முழுதும் உடைத்து எடுத்தால் அடியில் உள்ள வாட்டர் ப்ரூஃபிங் போய்விடும் என்று வேறொரு இன்ஜினியர் சொன்னதால், தளத்தை இரண்டு மீட்டர் கட்டங்களாக 15 எம்.எம். ஆழத்துக்கு மட்டும் கட்டர் வைத்து வெட்டி, சீலண்ட் நிரப்பி, மேலே வெள்ளைக் கூலிங் பெயிண்ட் இரண்டு கோட் அடித்திருக்கிறோம். விரிசல் புதிதாக வரவில்லை. அறைச் சூடு கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் அது பெயிண்டால் வந்தது. போர்டில் காணாமல் போன 25 எம்.எம். இனி வராது.