டார்கெட் 860 என்றார்கள், நான் 11ஆம் பக்கத்தைப் பார்க்காமல் வாங்கினேன்

போன வருடம் என் புரோக்கிங் கம்பெனியின் ரிலேஷன்ஷிப் மேனேஜர் தம்பி போன் செய்தார். "மேடம், எங்க ரிசர்ச் டீம் பை ரேட்டிங் கொடுத்திருக்காங்க. இப்ப விலை 640, டார்கெட் 860. ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல அனுப்பறேன்." 12 பக்க ரிப்போர்ட் வந்தது. நான் படித்தது முதல் பக்கம் மட்டும். 150 பங்கு, 96,000 ரூபாய். கடைசியில் 392 ரூபாய்க்கு விற்று வெளியே வந்தேன். 37,200 ரூபாய் போச்சு.

பங்கு இறங்குவது சகஜம், அதற்காகப் புலம்பவில்லை. நஷ்டத்துக்குப் பிறகு அந்த ரிப்போர்ட்களை எல்லாம் எடுத்து வைத்து வரிசையாகப் படித்தேன். அதில் கண்டதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் 11ஆம் பக்கம். பொடி எழுத்தில் ஒரு அட்டவணை. "கடந்த 12 மாதங்களில் இந்தக் கம்பெனியின் பொது வெளியீட்டை நிர்வகித்தீர்களா?" ஆம். "மெர்ச்சன்ட் பேங்கிங் சேவைக்குக் கட்டணம் பெற்றீர்களா?" ஆம். அதாவது அந்தப் பங்கின் ஐபிஓவைச் சந்தைக்குக் கொண்டுவந்து கட்டணம் வாங்கியதே இதே குழுமம். அடுத்து அந்தக் கம்பெனி பணம் திரட்டும்போதும் அந்த வேலை அவர்களுக்கு வேண்டும். அந்த வாடிக்கையாளரைப் பற்றி 'விற்றுவிடுங்கள்' என்று எழுத அதே கட்டடத்தில் யாருக்குக் கை வரும்? செபியின் 2014 ரிசர்ச் அனலிஸ்ட் விதிமுறைகள்படி இதையெல்லாம் ரிப்போர்ட்டிலேயே சொல்லியாக வேண்டும். சொல்லியிருந்தார்கள். எந்தப் பக்கத்தில், எந்த அளவு எழுத்தில் என்பதுதான் விஷயம்.

டார்கெட் விலை எப்படி வந்தது என்பது இன்னும் சுவாரசியம். அடுத்த ஆண்டு ஒரு பங்குக்கு 21.5 ரூபாய் லாபம் வரும் என்று கணித்து, அதை 40 மடங்கால் பெருக்கியிருந்தார்கள். 860. லாபக் கணிப்புக்காவது விற்பனை, செலவு என்று நாலு அட்டவணை இருந்தது. அந்த 40 ஏன் என்பதற்கு இருந்தது ஒரே வரி: "வளர்ச்சி வாய்ப்பைக் கருதி."

அடுத்த காலாண்டு முடிவு சொதப்பல், விலை 545க்கு இறங்கியது. லாபக் கணிப்பை 18 ரூபாயாக வெட்டினார்கள். 40 மடங்கே வைத்திருந்தால் டார்கெட் 720 ஆகியிருக்கும். புது ரிப்போர்ட்டில் 810! பெருக்கும் எண்ணை 45 ஆக்கிவிட்டார்கள். லாபம் குறைந்த கம்பெனிக்கு முன்னைவிட அதிக மடங்கு. முதல் பக்கத்தைப் பார்த்தவருக்கு டார்கெட் 50 ரூபாய் குறைந்ததாக மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்து நானும் "பரவாயில்லையே" என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ரிப்போர்ட் வந்தபோது விலை 430. கணிப்பு 15 ரூபாய், மடங்கு 36, டார்கெட் 540. அப்போதும் பை ரேட்டிங்தான். அவர்கள் அகராதியில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறும் என்றால் 'பை'. 430க்கும் 540க்கும் நடுவே 25 சதவீதம் இருக்கிறதே. விலை விழுந்த பிறகு டார்கெட்டை அதன் பின்னாலேயே இறக்கிக்கொண்டு வந்தால் ரேட்டிங்கை மாற்றவே வேண்டாம். இதைப் பிடிக்க ஒரே ரிப்போர்ட் போதாது. அதே பங்குக்கான பழைய ரிப்போர்ட்களை வரிசையாக வைத்து லாபக் கணிப்பு, மடங்கு இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்க்க வேண்டும்.

ஐபிஓ கட்டணம் வாங்காத புரோக்கர் என்றாலும் 'செல்' ரேட்டிங் அபூர்வம்தான். அப்படி எழுதிய அனலிஸ்ட்டுக்குக் கம்பெனி நிர்வாகம் போனை எடுக்காது. அந்தப் பங்கைக் கையில் வைத்திருக்கும் ஃபண்டுகளும் முகம் சுளிக்கும், புரோக்கருக்குக் கமிஷன் தருவது அவர்கள்தான். அதனால் 'பை'யிலிருந்து 'ஆட்', 'ஹோல்ட்' என்று ஒரு படி இறங்கினாலே அதை விற்பனைக் குறிப்பாகத்தான் நான் இப்போது படிக்கிறேன்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் 2003இல் பத்து பெரிய நிறுவனங்கள் இந்த விவகாரத்தில் சுமார் 140 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டன. ஹென்றி பிளாட்ஜெட் என்ற அனலிஸ்ட் வெளியே நல்ல ரேட்டிங் கொடுத்த பங்குகளையே உள் மின்னஞ்சல்களில் குப்பை என்று திட்டியது விசாரணையில் வெளிவந்தது. அவர் அபராதமாக 20 லட்சம், ஆதாயத்தைத் திருப்பித் தருவதாக 20 லட்சம் என மொத்தம் 40 லட்சம் டாலர் கட்டினார், பங்குத் தொழிலிலிருந்து ஆயுட்காலத் தடை.

என் விஷயத்தில் நான்காவது ரிப்போர்ட் வரவே இல்லை. கேட்டதற்கு "கவரேஜ் நிறுத்திட்டாங்க மேடம்" என்றார் தம்பி. கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு எழுதினேன். ஒன்பதாம் நாள் இரண்டே வரியில் பதில் வந்தது: தேவையான எல்லா விவரங்களும் ரிப்போர்ட்டின் 11ஆம் பக்கத்தில் முறைப்படி தெரிவிக்கப்பட்டுள்ளன.