ட்ரான்ஸ்போர்ட்டேஷன் டேபிள்ல ப்ரொடக்ஷன் பிளான்: ரொம்ப நாள் யூஸ் பண்ணதுல பிடிச்சதும் கடுப்பானதும்

பம்ப் கம்பெனில பிளானிங் பாக்குற ஃப்ரெண்டு ஒருத்தர் போன வாரம் கேட்டார், நீங்க இன்னும் அந்த ட்ரான்ஸ்போர்ட்டேஷன் டேபிள்லதான் பிளான் போடறீங்களா, நாங்களும் அதுக்கு மாறலாமான்னு. போன்ல சொல்லி முடியல, அதனால இங்கயே எழுதறேன்.

டேபிள் எப்படி இருக்கும்னு பிளானிங்ல இருக்கறவங்களுக்கு தெரியும். 1956ல போமன்ங்கறவர் எழுதின மெத்தட். லாரில சரக்கு அனுப்புற கணக்கையே எடுத்து, ஊருக்கு பதிலா மாசத்தை வச்சுட்டார். பக்கவாட்டுல ஓப்பனிங் ஸ்டாக், ஒவ்வொரு மாச ரெகுலர், ஒவ்வொரு மாச ஓ.டி. மேல டிமாண்ட் மாசங்கள், ஓரத்துல மிச்சமாகற கெபாசிட்டியை போட ஒரு டம்மி. ஆகஸ்ட்ல செஞ்சு அக்டோபர்ல விக்கற பீஸ், ஆகஸ்ட்ல இருந்து அக்டோபருக்கு "அனுப்புற" சரக்கு, வழிச்செலவு ரெண்டு மாச குடோன் செலவு. அக்டோபர்ல செஞ்சு ஆகஸ்ட்ல விக்க முடியாது, அந்த கட்டமெல்லாம் அடைப்பு.

நாங்க கோயம்புத்தூர்ல டேபிள் டாப் கிரைண்டர் பண்றோம், தீபாவளிக்குத்தான் மொத்த கூட்டமும். புரியறதுக்காக ரவுண்டா ஒரு கணக்கு வைக்கிறேன். மாசம் ரெகுலர்ல 1000 பீஸ், ஓ.டி.ல 200. கூலி பீஸுக்கு 300, ஓ.டி.ன்னா ரெட்டை சம்பளம் அதனால 600, குடோன்ல ஒரு மாசம் வச்சா பீஸுக்கு 40. கல்லு, மோட்டார், டிரம் விலை எந்த மாசம் செஞ்சாலும் ஒண்ணுதான், அதனால டேபிள்ல கொண்டு வர வேண்டாம். சில பேர் மெட்டீரியலையும் சேர்த்து மொத்தத்தையும் ரெண்டால பெருக்கி ஓ.டி. ரேட்டுன்னு போடறாங்க, அப்ப ஓ.டி. யானை விலையா தெரிஞ்சு பிளான் முழுக்க ஸ்டாக் பக்கம் சாஞ்சுடும். டபுள் ஆகறது கூலி மட்டும்தான்.

கைல 100 பீஸ் ஸ்டாக். டிமாண்ட் ஆகஸ்ட் 700, செப்டம்பர் 900, அக்டோபர் 1600. பேக் ஆர்டர், அதாவது இந்த மாச ஆர்டரை அடுத்த மாசம் செஞ்சு கொடுக்கறது, கிடையாதுங்கறதால மாசவாரியா போய், இருக்கறதுலயே சீப்பான கட்டத்தை ரொப்பிட்டே வந்தா போதும், அதுவே ஆப்டிமம். ஆகஸ்டுக்கு ஸ்டாக் 100, ரெகுலர் 600. செப்டம்பருக்கு அந்த மாச ரெகுலர்ல 900. அக்டோபருக்கு அந்த மாச ரெகுலர் 1000, செப்டம்பர்ல மிஞ்சின 100 (340 ரூபாய்ல), ஆகஸ்ட்ல மிஞ்சின 400 (380ல), அப்பவும் குறையற 100க்கு அக்டோபர் ஓ.டி. மொத்தம் 9,96,000 ரூபாய். பேப்பர்லயே போட்டுடலாம், சூப்பர்வைசர் கிட்ட காட்டினா அவருக்கும் புரியுது, எந்த பீஸ் எந்த மாசத்துக்காக ஓடுதுன்னு விரலை வச்சு காட்டலாம், இது வேற எந்த ஷீட்லயும் எனக்கு கிடைச்சதில்ல.

நான் இதை விடாம இருக்கறதுக்கு காரணம் வேற ஒண்ணு. சேல்ஸ்காரங்க வந்து, ஆகஸ்ட்ல ஆளுங்க ஃப்ரீயாத்தானே இருக்காங்க, ஒரு 50 பீஸ் ஆர்டர் இருக்கு, கூலி 300தானே, அதை வச்சு விலையை குறைச்சு கொடுத்துடலாமான்னு கேப்பாங்க. டேபிளை பாத்தா ஆகஸ்ட்ல யாருமே ஃப்ரீ இல்ல. அந்த 50ம் அக்டோபருக்காக எடுத்து வைக்க வேண்டிய பீஸ். அதை இப்ப வித்துட்டா அக்டோபர்ல அதே பீஸை 600க்கு ஓ.டி.ல செய்யணும், ரெண்டு மாச குடோன் 80 மட்டும் மிஞ்சும். அப்ப அந்த ஆகஸ்ட் பீஸோட நிஜ செலவு 520. செப்டம்பர்ல கேட்டா 560, அக்டோபர்ல கேட்டா 600. இந்த மூணு நம்பரை விலை பேசற எடத்துல கொண்டு போய் வச்சதுக்கப்புறம் எங்க சேல்ஸ் மீட்டிங்கே மாறிடுச்சு. இதுக்காகவே இந்த டேபிளை கும்பிடலாம்.

இப்ப கடுப்புக்கு வரேன். குடோன். டேபிள்ல குடோனுக்கு விலை இருக்கு, அளவு இல்ல. மேல போட்ட பிளான்ல செப்டம்பர் கடைசில எத்தனை பீஸ் உள்ள இருக்கும்? ஆகஸ்ட்ல செஞ்ச 400, செப்டம்பர்ல செஞ்ச 100, ஆக 500. இந்த 500ங்கற நம்பர் டேபிள்ல எங்கயுமே இல்ல, ரெண்டு வேற வேற வரில சிதறி கிடக்கு, நாமதான் தேடி கூட்டணும். எங்க குடோன்ல 450தான் அடுக்க முடியும்னு வைங்க, அதை டேபிள்ல சொல்ல வழியே இல்ல, ஏன்னா அது ஒரு கட்டத்துக்கான லிமிட் இல்ல, பல கட்டத்தோட கூட்டுத்தொகைக்கான லிமிட். ஒவ்வொரு சீசனும் பிளான் அழகா முடியும், அப்புறம் நான் தனியா ஒவ்வொரு மாசக் கடைசி ஸ்டாக்கையும் கூட்டி பாக்கணும், இடிக்கும், மறுபடி கையால வெட்டி ஒட்டணும்.

சரி வெட்டறோம். 50 பீஸை ஸ்டாக்ல இருந்து எடுத்து அக்டோபர் ஓ.டி.க்கு தள்ளணும். ஆகஸ்ட் பீஸை வெட்டினா பீஸுக்கு 220 கூடுது, செப்டம்பர் பீஸை வெட்டினா 260, அதனால ஆகஸ்ட்ல வெட்டு, எக்ஸ்ட்ரா 11,000னு டேபிள் சொல்லுது. அதே நேரம் வெளிய ஒரு ஷெட்ல செப்டம்பர் கடைசிக்கு மட்டும் எடம் புடிச்சா வாடகை 15,000. டேபிளை நம்பினா வாடகை வேண்டாம், ஓ.டி. ஓட்டுன்னுதான் முடிவு வரும்.

ஆனா அந்த 11,000 நிஜமில்ல. ஆகஸ்ட்ல 50 பீஸ் வெட்டினா அந்த கெபாசிட்டி டம்மிக்கு போகுது, டம்மில செலவு பூஜ்யம். எங்க ஆளுங்க எல்லாம் மாச சம்பளம், பீஸ் ஓடலைன்னா சம்பளத்தை புடிக்கவா போறோம்? அந்த 50க்கான கூலி 15,000 கைய விட்டு போனது போனதுதான். அதையும் சேர்த்தா ஓ.டி. வழில 26,000 கூடுது, வாடகை வழில 15,000. முடிவே தலைகீழ். பீஸ் ரேட்ல ஆள் வச்சிருந்தா பூஜ்யம் சரி, மாச சம்பளம்னா ரெகுலர் வரியோட டம்மி கட்டத்துல 300ஐ கண்டிப்பா எழுதணும், ஓ.டி. வரிக்கு மட்டும் பூஜ்யம். இதை எழுதிட்டா கால்வாசி கோபம் போயிடும், குடோன் கோபம் அப்படியேதான் இருக்கும்.

நியாயமா சொல்லணும்னா இது டேபிளோட தப்புன்னு முழுசா சொல்ல முடியாது, எடம் நெறைய இருக்கற கம்பெனிக்கு இந்த பிரச்சனையே வராது. எங்களுக்கு எடம்தான் கழுத்தை புடிக்குது. அதனால இப்ப மெயின் பிளானை எக்செல் சால்வருக்கு மாத்திட்டேன். மாசக் கடைசி ஸ்டாக்குன்னே தனி வரி, முந்தின ஸ்டாக் கூட்டல் ரெகுலர் கூட்டல் ஓ.டி. கழித்தல் டிமாண்ட், அது 450க்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு கண்டிஷன், ரெகுலர் சம்பளம் ஓடினாலும் ஓடாட்டியும் ஃபிக்ஸட். வாடகை ஷெட்டோட ஒரு தடவை, இல்லாம ஒரு தடவை ஓட்டி பாத்தா முடிஞ்சுது. ஆனா எந்த பீஸ் எந்த மாசத்துக்குன்னு அது காட்டாது.

குடோன் சின்னதா இருக்கறவங்க இதை மெயின் பிளானுக்கு எடுக்காதீங்க, வேண்டவே வேண்டாம். சேல்ஸ் மீட்டிங்குக்கு மட்டும் நான் இன்னும் அந்த டேபிளைத்தான் பிரிண்ட் எடுத்துட்டு போறேன், அதை யாரு சொன்னாலும் நிறுத்த மாட்டேன்.