ஏழு வருடமாக ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கி: வெயில் இருந்தால் தங்கம்

போன மாதம் என் பிரவுன் பெஸ் துப்பாக்கி பழுது பார்த்துத் திரும்பி வந்தது. படம் எடுத்து அனுப்பியதும் லீட்ஸில் இருக்கும் கல்லூரி நண்பன் கேட்டான்: "மச்சான், நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கல்லு வெச்சதா, கேப் வெச்சதா?" ஒரு வரியில் முடிக்க நினைத்தேன். முடியவில்லை.

நான் இருப்பது ஸ்காட்லாந்தில், அபர்தீன் பக்கம். துப்பாக்கி 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியின் நகல். முக்கால் அங்குலக் குழல், வாய் வழியாகக் கெட்டிப்பது. உரிமம், கருமருந்து அனுமதி எல்லாம் அவனுக்கே தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை. என் பிரச்சினை ஒன்றே ஒன்று. கிண்ணம்.

குழலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதில் ஒரு சிட்டிகை மருந்து. அதற்கு மூடியாகவும், கல் வந்து உரசும் இடமாகவும் ஒரே எஃகுத் துண்டு நிற்கிறது, ஃபிரிசன் என்பார்கள். விசையை இழுத்தால் கல்லைக் கவ்வியிருக்கும் குதிரை பாய்ந்து எஃகைச் சீவும். மூடி திறக்கும், பொறி உள்ளே விழும், கிண்ணத்து நெருப்பு ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போகும். பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல் சீவி எடுத்த எஃகுத் துகள்தான் காற்றில் எரிகிறது. இது எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது, பழுதுக்கும் இதுதான் காரணம்.

எஃகு போதிய அளவு கடினமாக இல்லை. நல்ல எஃகாக இருந்தால் பொறி வெள்ளையும் மஞ்சளுமாகக் கொட்டி, கிண்ணத்தில் விழும்போது 'சுர்' என்று கேட்கும். எனக்கு நாலைந்து சிவப்புப் புள்ளிகள் சோம்பலாக விழுந்தன, ஃபிரிசன் முகத்தில் அரிவாள்மணையில் வெட்டியது போலப் பள்ளம். நான் கல்லைத் திட்டிக்கொண்டு, புதுக் கல்லாக மாற்றிக்கொண்டே இருந்தேன். துப்பாக்கிக் கொல்லர் ஒருவர்தான் பள்ளத்தைப் பார்த்ததும் சொன்னார், குற்றம் எஃகில் என்று. அதைக் கரித்தூளோடு சூடாக்கி, மேல்பரப்பில் கரி ஏற்றி, தண்ணீரில் முக்கிக் கடினமாக்கிக் கொடுத்தார். விற்ற கடை இதைச் செய்தே கொடுத்திருக்க வேண்டும். சரி, விடுங்கள்.

இப்போது பொறி மத்தாப்பு மாதிரி வருகிறது. ஆனால் கிண்ணம் கிண்ணம்தான். அபர்தீனில் கடல் பக்கமிருந்து திடீரென ஒரு பனிமூட்டம் ஏறிவரும், ஹார் என்பார்கள். மழை ஒரு துளி இருக்காது. ஆனாலும் நாலைந்து முறை சுட்டதும் கிண்ணத்தில் படிந்த கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சி, நீர்விட்ட திருநீறு போலச் சாம்பல் நிறச் சேறாகிவிடும். கருமருந்து எரிந்த கசடு உப்பு மாதிரி, ஈரத்தை இழுக்கும். அதன் மேல் புது மருந்து போட்டால் அதுவும் சேறு. ஆகவே ஒவ்வொரு முறையும் துணியால் கிண்ணம், கல், எஃகு மூன்றையும் துடைக்க வேண்டும். விரலால் துடைக்கவே கூடாது, விரல் எண்ணெய் பட்டாலும் பொறி குறையும்.

வாங்குபவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, வெடிக்காதபோது எங்கே வெடிக்கவில்லை என்று காதால் கண்டுபிடிப்பது. 'டிக்' என்று மட்டும் கேட்டால் கல் மழுங்கியிருக்கிறது, அல்லது எஃகு ஈரம். பொறி பறந்தும் கிண்ணம் எரியவில்லை என்றால் கிண்ணத்து மருந்து நமுத்துவிட்டது. கிண்ணம் 'புஸ்' என்று எரிந்து, குழல் சும்மா இருந்தால் துளை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்த வேண்டும். ஆனால் உடனே குத்தக் கூடாது. உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருக்கலாம். குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். அந்த நிமிடத்தில்தான் எனக்கு இந்தத் துப்பாக்கியை விற்றுவிடத் தோன்றும்.

இவ்வளவு திட்டுகிறேனே, இதை ஏன் உலகமே விரும்பி வாங்கியது என்று எங்கள் சங்கத்தில் ஒருவரின் திரித்துப்பாக்கியைச் சுட்ட அன்றுதான் தெரிந்தது. வெடியுப்பில் ஊறிய கயிற்றுத் திரி. விசையை அழுத்தினால் அதன் கனல்முனை கிண்ணத்துக்குள் இறங்கும். பற்றுவது வேகமாகவே பற்றுகிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சுடுவதற்கு முன்பும் பின்பும் அந்தக் கயிறு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு முனை அணைந்தால் உதவ இரண்டு முனையும். நான் ஒரு கையில் கனலும் கயிறு, மறு கையில் மருந்துப்பொடி என்று நின்றேன். ஊதிச் சாம்பலைத் தட்ட வேண்டும், கயிறு தேயத் தேயத் தள்ளிப் பொருத்த வேண்டும். அரை மணி நேரத்தில் சட்டையில் இரண்டு ஓட்டை. மழை பெய்தால் திரியும் போச்சு, கிண்ணமும் போச்சு. இருட்டில் வரிசையாய்த் தெரியும் கனல் எதிரிக்கு நம் எண்ணிக்கையையே சொல்லிவிடும்.

ராணுவத்தில் இந்தத் தொல்லை உயிர் விஷயம். பீப்பாய் பீப்பாயாக மருந்து நிற்கும் பீரங்கி வண்டிகளைக் காவல் காக்க, கையில் எரியும் கயிறோடு ஆளை நிறுத்த முடியுமா? அதனால்தான் இங்கிலாந்தில் 1685இல் பீரங்கிக் காவலுக்கென்று எழுப்பிய படைக்குச் சக்கிமுக்கித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். ராயல் ஃபியூசிலியர்ஸ் என்ற பெயரே அந்தத் துப்பாக்கியிலிருந்து வந்ததுதான். மூடியும் உரசும் எஃகும் ஒன்றான இந்த அமைப்பை பிரான்சின் லிசியூ ஊரைச் சேர்ந்த மரேன் லெ பூர்ஷ்வா 1610 வாக்கில் செய்ததாகச் சொல்வார்கள். ஆனாலும் ஐரோப்பியப் படைகள் திரியை முழுக்கக் கைவிட 1700 ஆகிவிட்டது. காரணம் விலைதான். திரித்துப்பாக்கியின் விசையமைப்பை ஊர்க் கொல்லரே அடித்துவிடலாம். இதற்கு நல்ல வில்லும் கடினப்படுத்திய எஃகும் வேண்டும். என் பழுதுச் சீட்டைப் பார்த்தால் அந்த அரசர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கல் வைத்தது திரியை ஒழித்தது. மழையை ஒழிக்கவில்லை. இதற்கு நம் பக்கத்துச் சம்பவம் ஒன்று உண்டு. 1841 மே 30, முதலாம் அபினிப் போர், சீனாவின் கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி கிராமம். பிரிட்டிஷாரின் சென்னை ராணுவத்தின் 37ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த சுமார் 60 பேர் கொண்ட ஒரு கம்பெனி கொட்டும் மழையில் வழி பிரிந்து மாட்டிக்கொண்டது. சுற்றிலும் ஈட்டியும் கொக்கியும் ஏந்திய கிராமத்தார் ஆயிரக்கணக்கில். சிப்பாய்களின் துப்பாக்கிகள் ஊறிப்போய் ஒன்றும் வெடிக்கவில்லை. சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பி நின்றார்கள். மழை கொஞ்சம் ஓய்ந்தபோது தலைப்பாகையின் உள்துணியைக் கிழித்துக் குழலைத் துடைத்துச் சிலவற்றை வெடிக்கவைத்தார்கள் என்பது பதிவு. உடம்பில் நனையாமல் இருந்தது அது ஒன்றுதான். இன்னொரு விநோதம்: விழுந்த சிப்பாயின் துப்பாக்கியை ஒரு சீனர் எடுத்து, கிண்ணத்தில் தன் மருந்தைப் போட்டு, தன் திரியாலேயே பற்றவைத்துச் சுட்டிருக்கிறார். குண்டு ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கையில் பாய்ந்தது. கல்லால் முடியாததை அன்று திரி செய்தது.

அவர்களைத் தேடி அனுப்பப்பட்ட இரண்டு கம்பெனி மரைன்களிடம் இருந்தவை கேப் வைத்த துப்பாக்கிகள். அதே மழையில் அவை வெடித்தன. கம்பெனி திரும்பி வந்தது.

நம் ஊர்த் தீபாவளிக் கேப் துப்பாக்கியை அடித்தவர்களுக்கு அந்தத் துப்பாக்கியை விளக்கவே வேண்டாம். அடிபட்டால் வெடிக்கும் ரசாயனத்தை ஒரு சின்னச் செப்புத் தொப்பிக்குள் வைத்து, மேலே வார்னிஷ் பூசிவிடுகிறார்கள். குழலின் அடியில் நடுவே துளையுள்ள ஒரு குமிழ். அதன் மேல் தொப்பியை இறுக்கமாகச் செருகினால் சுத்தியல் அடிக்க, நெருப்பு நேராக உள்ளே போகிறது. திறந்த கிண்ணமே இல்லை. என் ஏழு வருடத் தலைவலியின் பெயரையே அந்தத் துப்பாக்கி கேள்விப்பட்டதில்லை.

இதன் மூலயோசனை என் வீட்டிலிருந்து சற்று வடக்கே, பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத்துடையது. அவரைத் துரத்தியது வாத்து. கிண்ணம் எரியும் வெளிச்சத்தைப் பார்த்ததும், குண்டு வருவதற்குள் பறவை பறந்துவிடுகிறது என்ற எரிச்சல்தான் 1807இல் அவரைக் காப்புரிமை வரை கொண்டுபோனது. செப்புத் தொப்பி அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது.

ராணுவம் நம்பவில்லை. 1834இல் லண்டன் பக்கம் உல்விச்சில் இரண்டு வகையிலும் ஆறாறு துப்பாக்கிகளை எடுத்து, எல்லா வானிலையிலும் வகைக்கு 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். கல் வைத்தது 922 முறை வெடிக்கவில்லை. கேப் வைத்தது 36 முறை. அதாவது ஆறேழு தடவைக்கு ஒரு முறை ஏமாற்றம் என்பது என் கைராசி இல்லை, இந்தச் சாதனத்தின் குணமே அதுதான். அதைப் படித்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நியாயமாகச் சொன்னால் கேப்பும் மந்திரமில்லை. சங்கத்தில் இரவல் வாங்கிச் சுட்டிருக்கிறேன். சுத்தம் செய்தபோது தங்கிய எண்ணெய் குமிழ்த் துளையில் இருந்தால் முதல் வெடி போகாது. கெட்டிப்பதற்கு முன் வெறும் கேப் ஒன்றிரண்டு அடித்து வழியைக் காயவைக்க வேண்டும். காகிதத் தோட்டா நனைந்தால் எந்தத் தொப்பியும் காப்பாற்றாது. குளிரில் மரத்த விரலுக்கு அந்தத் தொப்பி அகப்படவே அகப்படாது. அதற்காகவே ராணுவக் கேப்புக்கு விளிம்பு வைத்துச் செய்தார்கள். கேப் தீர்ந்துவிட்டால் துப்பாக்கி வெறும் தடி. எனக்கு ஒரு கல் கிடைத்தால் போதும், முப்பது நாற்பது முறை சுடலாம்.

ஆகவே, மச்சான், கேப் வைத்ததை வாங்கு. யோசிக்காதே. லீட்ஸிலும் மழைதான்.

உன்னுடையதைத் தருகிறாயா என்று நீ அடுத்து கேட்பாய். தரமாட்டேன். ஃபிரிசனைக் கடினமாக்கிய பின் முதல் முறை சுட்டபோது பொறி, கிண்ணம், குழல் மூன்றும் ஒரே சத்தமாய்க் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக இன்னும் ஏழு வருடம் திட்டிக்கொண்டே வைத்திருப்பேன். கிண்ணமும் குதிரையும் நனையாமல் மேலே கட்டும் தோல் உறைக்கு இந்த வாரம் கொழுப்பு தீர்ந்துவிட்டது, நெய் தடவிப் பார்த்தேன். தண்ணீர் நிற்கவில்லை, வழிந்து ஓடுகிறது. சமையலறையில் நெய் எங்கே போனது என்று மட்டும் யாரும் இன்னும் கேட்கவில்லை.