துண்டிலிருந்தா, பொருளிலிருந்தா?

குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்பை அவிழ்க்க எதிலிருந்து தொடங்குவது? மட்டக்களப்புப் பக்கத்துக்காரருக்கென்று ஒரு குறிப்பு: "வரச்சொல்லிக் கடலோரம் சேர்ந்த ஊர் (3)". துண்டுகளான சின்னச் சொற்களை வரிசையாக ஒட்டி மூன்றெழுத்து விடை கட்டும் வகை. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும்.

பொருளிலிருந்து போனால் "கடலோரம் சேர்ந்த ஊர்" முழுவதையும் பொருளாக எடுத்துவிடுவோம். மூதூர் உடனே வரும். மூன்றெழுத்து, கடலோரம், எல்லாம் சரி. ஆனால் "வரச்சொல்லி" வேலையில்லாமல் நிற்கிறது. ஒரு சொல் மிஞ்சினால் விடை பிழை என்றே எடுங்கள்.

துண்டிலிருந்து போனால், ஒருவரை வரச்சொல்ல என்ன சொல்வோம்? வா. கடலோரம்? கரை. "சேர்ந்த" ஒட்டச் சொல்லும் சொல். மிச்சம் "ஊர்", அதுதான் பொருள். வாகரை. அந்த ஊரும் கடலோரம் இருப்பதுதான் குறிப்பு வைத்தவரின் குறும்பு. ஆனாலும் "கடலோரம்" துண்டாகவும் பொருளாகவும் இரட்டை வேலை செய்யக்கூடாது.

இனி "இடியப்பத்துக்குக் குழைப்பதோடு ஓட்டை சேர்ந்தால் பழம் (3)". இங்கே பொருள் வழிதான் சுருக்கு. மூன்றெழுத்துப் பழம் என்றால் கொய்யா, மாதுளை என்று சிலதுதான். ஓட்டைக்குத் துளை, முன்னால் மா, மாதுளை. துண்டு வழியில் போனால் ஓட்டைக்குப் பொத்தல், துவாரம் என்று அலைய வேண்டிவரும்.

என் வழக்கம்: துண்டுக்கு ஒரே மாற்றுச்சொல் பளிச்சென்று வந்தால் துண்டு, பொருள் குறுகிய வகையைச் சொன்னால் பொருள். "ஊர்" போல அகலமான பொருளை நம்பி இறங்குவதில்லை.